ஹிஸ்டரி ஆப்ஷனல் முதல் தாள்: எந்தக் கேள்வியை எடுப்பது, எப்போது பேனாவை நிறுத்துவது

கேள்வி: "யுபிஎஸ்சி மெயின்ஸ், ஹிஸ்டரி ஆப்ஷனல், தமிழ் மீடியம். டெஸ்ட் சீரிஸில் முதல் தாள் எழுதும்போதெல்லாம் கடைசிக் கேள்வி பாதியில் நின்றுவிடுகிறது. சாய்ஸ் இருக்கிற ஆறில் எந்த மூன்றை எடுப்பது என்பதிலும் சொதப்புகிறேன், எழுதி முடித்த பிறகுதான் 'அதை எடுத்திருக்கலாமே' என்று தோன்றுகிறது. ஏதாவது முறை இருக்கிறதா அண்ணா?"

இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்று. நீங்கள் இதை இரண்டு பிரச்சினையாகச் சொல்கிறீர்கள், என் கணக்கில் அது ஒன்றுதான். தப்பான கேள்வியை எடுத்ததால்தான் நேரம் போகிறது. தெரியாத உட்கேள்வி முன்னால் உட்கார்ந்து, முதல் வரி என்ன எழுதலாம் என்று கூரையைப் பார்க்கிற அந்த மூன்று நான்கு நிமிடங்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கணக்குப் போட வேண்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன். 250 மார்க், 180 நிமிடம். எட்டுக் கேள்விகளில் ஐந்து எழுத வேண்டும். 1-ம் 5-ம் கட்டாயம், மீதி ஆறில் மூன்று, அதில் ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் குறைந்தது ஒன்று. எல்லாக் கேள்விக்கும் 50 மார்க். முதல் கேள்வி மேப், 20 இடங்கள், தலா இரண்டரை மார்க். ஐந்தாவது கேள்வி பத்து மார்க்கில் ஐந்து சின்னப் பதில்கள். சாய்ஸில் வருகிற ஆறு கேள்விகளும் பொதுவாக 20 + 15 + 15 என்று மூன்று உட்கேள்விகளாக உடைந்திருக்கும். சிக்கல் இந்த உடைப்பில்தான் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு கேள்வியை இல்லை, மூன்று கேள்விகள் கட்டிய ஒரு மூட்டையை. உள்ளே ஒன்று நல்ல தக்காளி, இரண்டு அழுகல் என்றாலும் மூட்டையாகத்தான் வாங்க வேண்டும்.

நான் முதல் முறை எழுதியபோது செய்த தப்பைச் சொல்கிறேன். செக்‌ஷன் பி-யில் ஒரு கேள்வியின் முதல் உட்கேள்வி சோழர் ஆட்சி பற்றி இருந்தது. தமிழ்நாட்டுப் பையன், பள்ளிக்கூடத்திலிருந்து குடவோலை படித்தவன், கேட்கவா வேண்டும்? மற்ற இரண்டையும் சரியாக வாசிக்கக்கூட இல்லை, நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். உத்திரமேரூர் கல்வெட்டு, முதலாம் பராந்தகன், 919-ம் 921-ம், முப்பது குடும்பு, கால் வேலி நிலம், வயது 35 முதல் 70 வரை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். தலையை நிமிர்த்தும்போது 26 நிமிடம் ஓடியிருந்தது. அதைவிடக் கொடுமை, கேட்டது குடவோலை பற்றியே இல்லை. சோழ அரசு மையத்தில் குவிந்த அரசா அல்லது பல கூறுகள் சேர்ந்த அரசா என்பதை விவாதிக்கச் சொல்லியிருந்தார்கள். அதற்கு நீலகண்ட சாஸ்திரி ஒரு பக்கம், பர்ட்டன் ஸ்டைன் எதிர்ப் பக்கம், கல்வெட்டுகளில் வருகிற அதிகாரிகளையும் வரிகளையும் எண்ணிப் பார்த்து ஸ்டைனை மறுக்கிற கராஷிமா, சுப்பராயலு ஒரு பக்கம் என்று வந்திருக்க வேண்டும். என் பதிலில் இருந்தது ஒரு பிரம்மதேய ஊரின் சபை எப்படி நடந்தது என்பது மட்டும். நன்றாகத் தெரிந்த தலைப்புதான் அதிக ஆபத்து, ஏனென்றால் அங்கேதான் கேள்வியை முழுசாக வாசிக்க மாட்டோம்.

சரி, முறைக்கு வருவோம். தாள் கையில் வந்ததும் முதல் ஆறு நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். தமிழ் மீடியத்துக்கு இது கூடுதல் முக்கியம். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், நீங்கள் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் யோசிக்க வேண்டும், அந்த மாற்றத்தில் 'எக்ஸாமின்', 'டு வாட் எக்ஸ்டென்ட்' மாதிரிச் சொற்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆறு நிமிடத்தில் மேப்பையும் ஐந்தாவது கேள்வியையும் பார்க்க வேண்டாம், அவை எப்படியும் எழுதப்போகிறவை. சாய்ஸில் இருக்கிற ஆறு கேள்விகள், அதாவது 18 உட்கேள்விகள், அவற்றை மட்டும் வாசியுங்கள்.

ஒவ்வொரு உட்கேள்விக்கும் விரல் விட்டு எண்ணுங்கள். 'இந்தத் தலைப்பு தெரியுமா' என்று கேட்காதீர்கள், தெரியும் என்றுதான் மனசு சொல்லும். 'இந்தக் கேள்விக்கு நான் வைக்கப்போகிற சான்று என்னென்ன' என்று கேளுங்கள். ஒரு கல்வெட்டு, ஒரு நூல், ஓர் ஆண்டு, ஒரு நிர்வாகச் சொல், ஒரு வரலாற்றாசிரியரின் நிலைப்பாடு, இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். 20 மார்க்குக்கு ஆறு ஏழு விரலாவது வேண்டும், 15 மார்க்குக்கு நாலு ஐந்து. இரண்டு விரலுக்கு மேல் மடங்கவில்லை என்றால் அந்த உட்கேள்வியில் நீங்கள் பொதுவாக எதையோ எழுதிப் பக்கம் நிரப்புவீர்கள், அதற்கு மூன்று நாலு மார்க்குக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு மாதிரித் தாளை வைத்துச் செய்து காட்டுகிறேன். கேள்விகள் நானே போட்டவை, பழைய தாளில் தேடாதீர்கள். எதிர்பார்க்கும் மார்க்கும் டெஸ்ட் சீரிஸில் சுமாராக வாங்குகிற ஒருவரை மனதில் வைத்துப் போட்டது.

செக்‌ஷன் பி. ஆறாவது கேள்வி: சோழ அரசின் தன்மை (20), இல்துத்மிஷ் முதல் ஃபிரோஸ் துக்ளக் வரை இக்தா முறை மாறிய விதம் (15), இந்தியச் சமூகம் பற்றி அல்பெரூனி (15). ஏழாவது: அலாவுதீன் கில்ஜியின் சந்தைக் கட்டுப்பாடு (20), விஜயநகர நாயங்கர முறை (15), கபீர் (15). எட்டாவது: ஔரங்கசீப் கால ஜாகிர் நெருக்கடி (20), மராத்தியரின் சௌத், சர்தேஷ்முகி (15), பதினெட்டாம் நூற்றாண்டு இருண்ட காலமா (15).

ஆறாவதில் சோழருக்கு ஏழு விரலும் மடங்குகிறது, 11 மார்க் போடலாம். இக்தா என்றால் என்ன என்று தெரியும், ஆனால் கேட்டது மாற்றம். பால்பன் கணக்குப் பார்க்க குவாஜாவை நியமித்தது, ஃபிரோஸ் காலத்தில் அது பரம்பரை உரிமையாகப் போனது, இது இரண்டுதான் ஞாபகம் வருகிறது, 4 மார்க். அல்பெரூனியில் நூல் பெயரும் நாலு வர்ணம் பற்றி எழுதினார் என்பதும் மட்டும், 3. மொத்தம் 18.

எட்டாவதைப் பாருங்கள். ஜாகிர் நெருக்கடி கேட்டவுடன் இனிக்கிற தலைப்பு இல்லை. ஆனால் எண்ணினால் வருகிறது: ஜமாவுக்கும் ஹாசிலுக்கும் உள்ள இடைவெளி, 1686-ல் பீஜப்பூரும் 1687-ல் கோல்கொண்டாவும் விழுந்த பிறகு தக்காணப் பிரபுக்கள் மன்சப்தார்களாக உள்ளே வந்தது, ஜாகிர் கிடைக்காமல் காத்திருந்தவர்கள், சதீஷ் சந்திரா, அதர் அலி, விவசாய நெருக்கடி என்று சொல்கிற இர்ஃபான் ஹபீப், தக்காணத்தில் நிலப் பற்றாக்குறையே இல்லை என்று மறுக்கிற ரிச்சர்ட்ஸ். 9 என்று வையுங்கள். சௌத் நாலில் ஒரு பங்கு, சர்தேஷ்முகி அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு, 1719-ல் பாலாஜி விஸ்வநாத் முகலாயரிடம் அங்கீகாரம் வாங்கியது, இதற்கு 7. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முசாஃபர் ஆலம், பேய்லி ஒரு பக்கம், அதர் அலி மறுபக்கம், இதற்கும் 7. மொத்தம் 23. கூடவே ஒரு லாபம், மூன்றும் ஒரே காலத்தின் கதை, மூளை இடம் மாற வேண்டியதில்லை, அதனால் எழுதும் வேகமும் கூடும். (ஒன்றுக்கு எழுதிய பத்தியையே இன்னொன்றிலும் எழுதிவிடாதீர்கள், அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பதால் திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.)

ஏழாவதில் சந்தைக் கட்டுப்பாட்டுக்குப் பரனி, ஷஹ்னா-இ-மண்டி, கோதுமை மணங்குக்கு ஏழரை ஜீத்தல் என்று நல்ல சரக்கு இருக்கிறது, 10. நாயங்கர முறைக்குப் பயஸ், நூனிஸ் குறிப்புகள், 7. கபீருக்குப் பொதுவான நாலு வரி, 4. மொத்தம் 21.

செக்‌ஷன் ஏ-யை வேகமாகப் பார்த்துவிடலாம். மூன்றாவது கேள்வியில் அசோகரின் தம்மம், சாதவாகனர் நிலக்கொடை, காந்தாரமும் மதுராவும். 11 + 5 + 7, மொத்தம் 23. இரண்டாவதில் சிந்துவெளி நகரங்களின் சரிவு, பின்வேதகாலச் சமூகம், மகதத்தின் எழுச்சி. 9 + 6 + 6, மொத்தம் 21. நான்காவது இந்த ஆளுக்கு எடுக்கிற மாதிரி இல்லை, விட்டுவிடுவோம்.

எட்டும் மூன்றும் உறுதி. அதோடு செக்‌ஷனுக்கு ஒன்று என்ற விதியும் தீர்ந்தது. மூன்றாவது இடத்துக்கு ஏழும் இரண்டும் 21-ல் சமமாக நிற்கின்றன. நான் இரண்டாவதை எடுப்பேன். ஏனென்றால் ஏழாவதில் ஒரு 4 இருக்கிறது, இரண்டாவதில் அடிமட்டமே 6. அந்த 4 மார்க் கபீரிடம்தான் நீங்கள் கூரையைப் பார்ப்பீர்கள், தோஹா ஒன்று ஞாபகம் வருமா என்று தேடுவீர்கள், அந்த நேரம் அடுத்த கேள்வியிலிருந்து போகும். மூட்டையை அதன் நல்ல காயை வைத்து எடை போடாமல் கெட்ட காயை வைத்துப் போடச் சொல்வது இதனால்தான். சோழர் கேள்வியைப் பாருங்கள், ஆறு கேள்வியில் இருக்கிற மிக நல்ல 20 மார்க் பதில்களில் ஒன்று அதில்தான் இருக்கிறது, மொத்தத்தில் எட்டாவதைவிட ஐந்து மார்க் குறைவு.

முடிவு எடுத்த பிறகு மாற்றாதீர்கள். நடுவில் மனசு மாறி வேறு கேள்விக்குத் தாவினால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்: எழுதிய வரிசைப்படிதான் விடைகளை எண்ணுவார்கள், அடித்துவிடாத வரைக்கும் பாதி எழுதியதும் எழுதியதாகவே கணக்கு. ஆறாவதில் அரைப் பக்கம் எழுதிவிட்டு, அதை அடிக்காமல், அப்புறம் இரண்டு, மூன்று, எட்டு என்று எழுதினால் எட்டாவது கணக்கிலேயே வராது. 23 மார்க் கேள்வி, அரைப் பக்கத்துக்காகப் போய்விடும். விட்டால் முழுசாகக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுப் போங்கள்.

இப்போது நேரம். 180-ஐ 250-ஆல் வகுத்தால் ஒரு மார்க்குக்கு முக்கால் நிமிடம்கூட இல்லை, 50 மார்க்குக்கு 36 நிமிடம். வாசிக்கிற ஆறு நிமிடத்தைக் கழித்து நான் வைத்திருந்த பட்ஜெட் இது: மேப் 33, ஐந்தாவது கேள்வி 35 (ஒவ்வொன்றுக்கும் ஏழு), சாய்ஸ் கேள்விகள் ஒவ்வொன்றும் 34 (இருபது மார்க்குக்கு 14, பதினைந்துக்குப் பத்து பத்து). கூட்டினால் 176. நாலு நிமிடம் கையில்.

இதை நிமிடமாக ஞாபகம் வைக்காதீர்கள், கடிகார நேரமாக வையுங்கள். ஒன்பது மணிக்குத் தேர்வு என்றால் 9.06-க்குப் பேனா, 9.39-க்கு மேப் முடிவு, 10.13-க்கு முதல் சாய்ஸ், 10.47-க்கு இரண்டாவது சாய்ஸ், 11.22-க்கு ஐந்தாவது கேள்வி, 11.56-க்கு கடைசி சாய்ஸ். இந்த ஐந்து முடிவு நேரங்களை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். டெஸ்ட் எழுதும்போது ஒவ்வொரு பதில் முடிந்ததும் ஓரத்தில் நேரத்தைப் பென்சிலால் குறித்துப் பாருங்கள் (டெஸ்டில் மட்டும்தான், உண்மையான தேர்வில் இப்படி எதையும் எழுதக் கூடாது). எங்கே கசிகிறது என்று இரண்டே டெஸ்டில் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குக் கடைசிக் கேள்வியில் கசிவதில்லை, மேப்பிலும் முதல் 20 மார்க்கிலும் கசிகிறது. கடைசிக் கேள்வி அதற்கு அபராதம் கட்டுகிறது, அவ்வளவுதான்.

மேப்பில் ஏன் கசிகிறது என்றால், புள்ளியைப் பார்த்து 'இது எந்த இடம், இதுவா அதுவா' என்று மல்லுக்கட்டுவதால். 33 நிமிடத்தில் 20 இடம் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் சொச்சம். முதல் சுற்றில் சந்தேகமே இல்லாததை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள், இரண்டாவது சுற்றில் மீதி. அப்போதும் தெரியாததற்கு, கொடுத்திருக்கிற குறிப்பையும் புள்ளி இருக்கிற வட்டாரத்தையும் வைத்து ஒரு ஊகம், ஒரு வரி, நகர்ந்துவிடுங்கள். அங்கே தப்புக்கு மைனஸ் கிடையாது, ஆனால் நேரத்துக்கு உண்டு. இன்னொரு பக்கம், ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிட்டு மாவட்டம், மாநிலம் என்று குறிப்பை முடிப்பதும் நஷ்டம். மஸ்கி என்றால் 'கர்நாடகா, ராய்ச்சூர் மாவட்டம், அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு, மன்னரை அசோகர் என்ற பெயராலேயே குறிப்பது, மற்றப் பல கல்வெட்டுகளில் தேவானாம்பிரிய என்ற பட்டம் மட்டுமே வருவதால் 1915-ல் இது கிடைத்தது அடையாளம் காண உதவியது' என்று எழுதினால் முப்பது சொல்லுக்குள் அந்த இடம் ஏன் மேப்பில் இருக்கிறது என்பது வந்துவிடுகிறது. காளிபங்கன் என்றால் உழுத வயல், தோலாவிரா என்றால் நீர்த்தேக்கங்கள், பையம்பள்ளி என்றால் தமிழ்நாட்டின் புதிய கற்காலக் குடியிருப்பு, இப்படி இடத்துக்கு ஒரு முதுகெலும்பு வீட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். தேர்வறையில் வாக்கியம் தேடினால் 33 நிமிடம் 45 ஆகும்.

முதல் 20 மார்க்கில் கசிவது வேறு காரணம், ஆசை. பதினான்காவது நிமிடத்தில் ஜாகிர் நெருக்கடிக்கு இன்னும் சொல்ல நாலு விஷயம் இருக்கும். நிறுத்துங்கள். இருபது மார்க் பதிலில் 9-க்கு வந்த பிறகு 10-ஆக்க இன்னும் ஆறு நிமிடம் ஆகும். அதே ஆறு நிமிடத்தில் வெறும் தாளாக இருக்கிற ஒரு 15 மார்க் உட்கேள்வியில் 4, 5 மார்க் எடுத்துவிடலாம், ஏனென்றால் எந்தப் பதிலிலும் முதல் சில மார்க்தான் சுலபமாக வரும். அதனால் வாக்கியத்தை முடித்து, ஒரே வரியில் உங்கள் முடிவைச் சொல்லி, அடுத்ததற்குப் போங்கள். மூன்று உட்கேள்வியையும் ஒரே மூச்சில் சேர்த்து எழுதுங்கள், அப்புறம் வருகிறேன் என்று நடுவில் இடம் விட்டுப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது கேள்வியை ஏன் நான்காவதாக வைத்தேன் என்று கேட்பீர்கள். சின்னப் பதில்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு நிமிடம் என்ற வரம்பு கறாரானது, அதனால் தாமதமாக வந்தால் அங்கே ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளலாம், ஐந்து நிமிடம் திரும்பக் கிடைக்கும். பெரிய கேள்வியில் அப்படிப் பிடிக்க முடியாது. கடைசிக்கு நான் வைப்பது மூன்றில் சமமான அடிமட்டம் உள்ளதை, நம் கணக்கில் இரண்டாவது கேள்வி. நேரம் குறைந்தாலும் மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எழுத முடிகிற கேள்வி அது. 11.22-க்குப் பதில் 11.32-க்குத்தான் அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்றால், இருபதை முழுசாக எழுதிவிட்டுப் பதினைந்துகளைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 24 நிமிடத்தை 10, 7, 7 என்று உடைத்து, முன்னுரையை வெட்டி, நேராகச் சான்றிலிருந்து தொடங்குங்கள்.

தமிழில் எழுதுவதில் கை வேகம் ஒரு பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளமாக வருவதால் ஆங்கிலத்தில் 150 சொல் ஆகிற விஷயம் தமிழில் நூறு, நூற்றுப்பத்தில் அடங்கிவிடும். சொல் எண்ணிக்கையைத் துரத்திப் பக்கம் நிரப்ப வேண்டாம். கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைப் போட அனுமதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அந்தச் சொல்லுக்கு மட்டும், வாக்கியத்துக்கு இல்லை.

அதே நாள் மதியம் இரண்டாவது தாள் இருக்கிறது, அங்கே இந்த அட்டவணையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மேப் கிடையாது, 1-ம் 5-ம் இரண்டுமே பத்து மார்க் ஐந்து, ஆக மொத்தம் 19 பதில்கள். 6 + 35 + 35 + 102 என்றால் 178, கையில் இரண்டே நிமிடம். காலையில் மேப்புக்கு 33 போட்டு மிச்சம் பிடித்த இரண்டு நிமிடம் அங்கே கிடையாது, அதனால் அந்தத் தாளுக்குத் தனியாக இரண்டு டெஸ்டாவது கடிகாரம் வைத்து எழுதிவிட்டுப் போங்கள், முடிந்தால் ஒரே நாளில் இரண்டு தாளையும். மூன்று மணி நேரம் எழுதிய கை நாலாவது மணியில் எப்படி எழுதுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.